பிளேக்: எலித்தெள்ளிலிருந்து நுரையீரல் வரை — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளேக் பற்றிப் பேச்சு வந்தாலே சில சந்தேகங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. "எலி கடித்தால் வருமா?", "பழைய காலத்து நோய்தானே?", "மாத்திரை இருக்கும்போது எதற்குப் பயம்?" என்று. இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் இங்கே அதிக இடம். மருந்து இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பிளேக் வைரஸா, பாக்டீரியாவா?

பாக்டீரியா. பெயர் யெர்சினியா பெஸ்டிஸ். 1894இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது அலெக்சாண்டர் யெர்சின் என்ற மருத்துவர் இறந்தவர்களின் நெறிக்கட்டியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பாக்டீரியா என்பதால்தான் ஆன்டிபயாடிக் இதற்குப் பலிக்கிறது.

எலி கடிச்சா பிளேக் வருமா?

பொதுவாக எலி கடித்து வருவதில்லை, எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்துத்தான் வருகிறது. பால்-லூயி சிமோன் என்பவர் 1898இல் கராச்சியில் சோதனை செய்து இதைக் காட்டினார். அப்போது அதைப் பலர் நம்பவில்லை. மண்ணிலிருந்தும் அழுக்கிலிருந்தும் வருகிறது என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தெள்ளுக்குள் நடப்பது கொஞ்சம் விசித்திரமானது. அதன் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் முட்கள் வைத்த ஒரு சின்ன வால்வு உண்டு. நோயுள்ள எலியின் ரத்தத்தோடு உள்ளே போன பாக்டீரியா அந்த முட்களில் ஒட்டி, பிசுபிசுப்பான படலமாகப் பெருகி, சில நாட்களிலோ வாரங்களிலோ வழியை அடைத்துவிடுகிறது. இனி எவ்வளவு ரத்தம் உறிஞ்சினாலும் வயிற்றுக்குப் போகாது. பசி அடங்காத தெள்ளு கண்டபடி கடிக்க ஆரம்பிக்கும். உறிஞ்சிய ரத்தம் அடைப்பில் மோதி, அங்குள்ள பாக்டீரியாவையும் சேர்த்துக்கொண்டு, கடித்த இடத்துக்கே திரும்பி வந்துவிடும். அடைப்பு ஏற்படும் முன்பே, முதல் சில நாட்களிலும் ஓரளவு தொற்ற வைக்க முடியும் என்று பின்னால் தெரிந்தது.

தெள்ளுதான் ஒரே வழி என்றும் இல்லை. நோயால் செத்த விலங்கின் தோலை உரிக்கும்போது கையிலுள்ள கீறல் வழியாகப் போகலாம். பிளேக் வந்த பூனையோ நாயோ முகத்துக்கு நேரே இருமினாலும் வரலாம். ஆனால் பெரும்பாலும் கதை தெள்ளில்தான் ஆரம்பிக்கிறது.

அப்போ எல்லா எலியையும் கொன்னுட்டா பிரச்சினை முடிஞ்சுதே?

முதலில் எலியைக் கொன்றால் நிலைமை மோசமாகும். எலி உயிரோடு இருக்கும்வரை தெள்ளு அதன் மேல்தான் இருக்கும். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் கிளம்பி அடுத்த சூடான உடம்பைத் தேடும், அது மனிதனாகவும் இருக்கலாம். எலிகள் காரணமில்லாமல் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது இதனால்தான். பிளேக் நடக்கும் இடத்தில் முதலில் வளைகளிலும் எலி நடமாடும் தடங்களிலும் தெள்ளுக்கான பூச்சிமருந்து, அப்புறம்தான் எலி ஒழிப்பு. செத்த எலியை வெறும் கையால் தொடவே கூடாது.

புபோனிக், நிமோனிக்னு ரெண்டு சொல்றாங்களே, ரெண்டும் வேற வேற கிருமியா?

ஒரே கிருமிதான், உடம்புக்குள் நுழைந்த வழியும் போய்த் தங்கிய இடமும்தான் வேறு.

தெள்ளு கடித்தால் பாக்டீரியா தோலிலிருந்து பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய் அங்கே பெருகும். கணு வீங்கி நெறி கட்டும். அது புபோனிக். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அங்கிருந்து ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகும். இப்படி வருவது இரண்டாம்நிலை நிமோனிக். அந்த நோயாளி இருமும்போது தெறிக்கும் எச்சில் துளியை இன்னொருவர் சுவாசித்தால், அவருக்குக் கணு எதுவும் வீங்காமல் நேரே நுரையீரலிலேயே நோய் ஆரம்பிக்கும். அது முதல்நிலை நிமோனிக். ரத்தத்தில் மட்டும் பெருகும் செப்டிசீமிக் என்ற மூன்றாவது வகையும் உண்டு. அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

புபோனிக் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் நோய் தொற்றிவிடாது. அவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகப் பயந்து காலம் கடத்துவதுதான் ஆபத்து. மனிதனிடமிருந்து மனிதனுக்கு எளிதாகப் போவது நிமோனிக் மட்டும்.

ஒரே கிருமின்னா நிமோனிக் மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

வெப்பநிலைதான் முக்கியக் காரணம். தெள்ளின் உடம்பு சுற்றுப்புற வெப்பத்திலேயே, பெரும்பாலும் 28 டிகிரிக்குக் கீழே இருக்கும். அந்த வெப்பத்தில் வளர்ந்த பாக்டீரியாவிடம் மனித உடம்பைச் சமாளிக்கும் ஆயுதங்கள் முழுதாக இருப்பதில்லை. குறிப்பாக, வெள்ளணுக்கள் விழுங்காமல் தடுக்கும் எஃப்-1 என்ற புரத உறை இருக்காது. அதனால் தோலுக்குள் வந்ததும் பலவும் வெள்ளணுக்களிடம் மாட்டிக்கொள்ளும். மீதியுள்ளவை 37 டிகிரியில் பழகி, உறையை உருவாக்கி, கணுவில் போய்ப் பெருக நாள் பிடிக்கும்.

இருமலில் வருவதோ ஏற்கெனவே இன்னொரு மனிதனின் 37 டிகிரி நுரையீரலில் வளர்ந்து, உறையோடு தயாராக இருக்கிறது. கணு என்ற இடைத் தடையும் இல்லை. புபோனிக்கில் கடித்த பிறகு நோய் தெரிய சில நாட்கள், சுமார் ஒரு வாரம்வரை ஆகும். நிமோனிக்கில் அது ஒரே நாளாகவும் சுருங்கலாம்.

தொடை இடுக்குல நெறி கட்டினாலே பயப்படணுமா?

வேண்டாம். காலில் புண், யானைக்கால் தொற்று, பால்வினை நோய்கள், காசநோய் என்று நெறி கட்ட எத்தனையோ காரணம் இருக்கிறது. பிளேக்கை யோசிக்க வேண்டியது, பிளேக் இருக்கும் பகுதியில் இருந்தவருக்கு அல்லது அங்கே போய் வந்தவருக்கு நெறி கட்டும்போதுதான்.

பிளேக் நெறிக்கு ஒரு தனிச் சுபாவம் உண்டு. காய்ச்சலும் குளிரும் தலைவலியும் திடீரென்று வரும், அதோடு ஒட்டியோ ஒரு நாளுக்குள்ளோ கட்டி தெரியும். தெள்ளு அதிகம் கடிப்பது காலில் என்பதால் தொடை இடுக்கில்தான் பெரும்பாலும் வரும். கையில் கடித்திருந்தால் அக்குளில், தலைப் பக்கம் என்றால் கழுத்தில். கட்டி பெரிதா சிறிதா என்பதைவிட வலியைப் பாருங்கள். நோயாளி காலை நீட்ட மாட்டார், மடக்கியே வைத்திருப்பார். போர்வை பட்டாலும் முகம் சுளிப்பார். கடித்த இடம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. கடித்த இடத்திலிருந்து கட்டிவரை சிவப்புக் கோடு ஓடுவதும் இதில் வழக்கமில்லை. கோடு இருந்தால் சாதாரணத் தோல் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நிமோனிக் பிளேக்கும் சாதாரண நிமோனியா மாதிரிதானே இருக்கும்? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் நாளில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதே நேர்மையான பதில். காய்ச்சல், தலைவலி, அசதி, கொஞ்சம் இருமல். அப்புறம் நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், முதலில் தண்ணீர் போன்ற சளி, பின்னர் ரத்தம் கலந்த சளி. ரத்தச் சளி வரும்போது யாருக்கும் சந்தேகம் வரும், ஆனால் அதற்குள் பாதி நேரம் போயிருக்கும்.

அதனால் அறிகுறியைவிட நோயாளியைச் சுற்றி நடந்ததைக் கேட்பதுதான் உதவும். எங்கிருந்து வந்தார்? அங்கே எலி செத்ததா? கூட இருந்தவர் யாராவது சில நாளுக்கு முன் நிமோனியாவில் இறந்தாரா? ஆரோக்கியமாக இருந்த ஒருவர் இரண்டு நாளில் மூச்சு முட்டி விழுந்து, அவரைக் கவனித்தவருக்கும் அதே போல் ஆரம்பித்தால், அதற்கு மேல் யோசிக்க அவகாசம் இல்லை.

ஒரே வண்டியில போனாலே தொத்திக்குமா?

தொற்றலாம். மடகாஸ்கரில் 2017இல் நடந்ததைப் பார்த்தால் புரியும். ஆகஸ்ட் 23 அன்று, மத்திய மேட்டுநிலத்தில் அங்கசோபே என்ற பகுதிக்குப் போயிருந்த 31 வயது ஆண் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. பார்க்க மலேரியா மாதிரி இருந்தது. 27ஆம் தேதி ஊர் திரும்புவதற்காகப் பலர் சேர்ந்து போகும் வாடகை வண்டியில் ஏறினார். தலைநகர் அண்டனனரிவோ வழியாகக் கடற்கரை நகரான தமதாவேவுக்குப் பயணம். வழியிலேயே மூச்சுத் திணறல் ஆரம்பித்து இறந்துபோனார். பக்கத்து மருத்துவமனையில் உடலை இறுதிச் சடங்குக்குத் தயார் செய்தார்கள். பிளேக் என்று தெரியாததால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அவரோடு நேரடியாகவோ சுற்றிவளைத்தோ தொடர்புள்ள 31 பேருக்கு நோய் வந்தது, அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள்.

பிளேக் பரவுகிறது என்று கண்டுபிடித்தது செப்டம்பர் 11 அன்று, தலைநகரில் 47 வயதுப் பெண் ஒருவர் மூச்சுத் திணறி இறந்த பிறகு. அந்த முதல் நோயாளி இறந்து பதினைந்து நாள் ஓடிவிட்டது. நவம்பர் கடைசிக்குள் 2,417 பேர் நோயாளிகளாகப் பதிவானார்கள், 209 பேர் இறந்தார்கள். முக்கால்வாசி நிமோனிக் என்று வகைப்படுத்தப்பட்டவை.

அதற்காக, தெருவில் எதிரே நடந்து போனவருக்கெல்லாம் வந்துவிடாது. தட்டம்மை மாதிரி காற்றில் நெடுநேரம் மிதக்கும் சுபாவம் இதற்கு இல்லை. சுமார் இரண்டு மீட்டருக்குள், முகத்துக்கு நேரே, இருமல் முற்றிய நோயாளியோடு இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். மூடிய வண்டியில் பல மணி நேரம் இருப்பது அந்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் பூர்த்தி செய்கிறது, அவ்வளவுதான்.

24 மணி நேரத்துக்குள்ள மருந்து குடுக்கணும்னு ஏன் சொல்றாங்க? 25ஆவது மணி நேரத்துல மருந்து வேலை செய்யாதா?

மருந்து அப்போதும் பாக்டீரியாவைக் கொல்லும், ஆனால் நோயாளி பிழைப்பார் என்பதற்கு உறுதியில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

எலிகளில் நடந்த ஆய்வுகளில், நுரையீரலுக்குள் நுழைந்த பிறகு முதல் ஒன்றரை நாள் ஏறக்குறைய எந்தச் சலனமும் தெரியவில்லை. பாக்டீரியா பெருகிக்கொண்டே இருக்கிறது, உடம்பு எதிர்வினை காட்டவில்லை. காரணம், இந்தப் பாக்டீரியா ஊசி போன்ற ஒரு அமைப்பால் தன் புரதங்களை நேரே வெள்ளணுவுக்குள் செலுத்தி, அது விழுங்குவதையும் மற்றவற்றை உதவிக்கு அழைப்பதையும் நிறுத்திவிடுகிறது. 37 டிகிரியில் தன் மேற்புற வேதியியலையும் கொஞ்சம் மாற்றிக்கொள்வதால் எச்சரிக்கை மணியும் சரியாக அடிப்பதில்லை. அதன் பிறகுதான் திடீரென்று பெரும் அழற்சி. நுரையீரலின் காற்றறைகளில் நீரும் ரத்தமும் நிறைகின்றன. காய்ச்சல் தெரியும்போதே இந்த மௌனக் கட்டம் முடிந்து எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி எண்ணிக்கையைப் பாருங்கள். பாக்டீரியாவின் சுவரிலேயே எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. கொஞ்சம் பாக்டீரியா இருக்கும்போது கொன்றால் வெளிவரும் நச்சை உடம்பு சமாளிக்கும். ரத்தமும் நுரையீரலும் நிறைந்த பிறகு கொன்றால், அவை செத்த பிறகும் நச்சு இருக்கும். ரத்த அழுத்தம் விழும், சிறு ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும், சிறுநீரகம் நிற்கும். நனைந்துபோன நுரையீரலை எந்த ஆன்டிபயாடிக்கும் உலர்த்தாது. அந்தக் கட்டத்தில் மூச்சுக் கருவியும் தீவிர சிகிச்சையும்தான் நோயாளியைத் தாங்க வேண்டும், அவையும் எல்லா நேரமும் போதாது.

ஆக 24 மணி என்பது அறிகுறி ஆரம்பித்த நேரத்திலிருந்து எண்ணும் ஒரு நடைமுறைக் கோடு. அதைத் தாண்டிவிட்டால் மருந்தே கொடுக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. தாண்டியவர்களும் பிழைத்திருக்கிறார்கள். புபோனிக்கில் கணு சில நாள் கிருமியைத் தடுத்து வைப்பதால் அவகாசம் கூடுதல், அதுவும் நாள் கணக்கில்தான்.

எந்த மருந்து? வீட்ல இருக்கற அமாக்சிசிலின் போதாதா?

போதாது. இங்கேதான் நேரம் வீணாகிறது. நிமோனியா என்றதும் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் பெனிசிலின் வகைகளையும் செஃபலோஸ்போரின்களையும் பிளேக்குக்கு நம்ப முடியாது. ஆய்வகத் தட்டில் சில பாக்டீரியாவை அடக்கினாலும் நோயாளியிடம் அது நடக்கும் என்று சொல்ல முடியவில்லை. நோயாளியோ மருந்து சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியில் இருப்பார், அந்த 24 மணி நேரம் ஓடிவிடும்.

பயன்படுவன: ஊசியாக ஸ்ட்ரெப்டோமைசின் அல்லது ஜென்டாமைசின், மாத்திரையாகவோ ஊசியாகவோ சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின். மூளைக்காய்ச்சல் வந்துவிட்டால் குளோராம்ஃபெனிகால் சேர்ப்பார்கள், அது மூளைக்குள் நன்றாகப் போகும். எது, எவ்வளவு என்பது வயது, கர்ப்பம், சிறுநீரகம், கிடைக்கும் மருந்து இவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வது. வழக்கமாக 10 முதல் 14 நாள். புபோனிக் நோயாளிகளுக்கு ஊசியே போடாமல் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை மட்டும் கொடுத்தாலும் ஊசியோடு ஆரம்பிக்கும் சிகிச்சைக்குக் குறைவில்லை என்று மடகாஸ்கரில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. ஊசி போட ஆள் இல்லாத கிராமத்துக்கு இது பெரிய விஷயம்.

டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா என்ன தப்பு?

யெர்சினியா பெஸ்டிஸ் மெதுவாக வளரும். தட்டில் கண்ணுக்குத் தெரியும் கூட்டமாக வளரவே இரண்டு நாள் ஆகலாம். நிமோனிக் நோயாளிக்கு அந்த இரண்டு நாள் கிடையாது. அதனால் வரிசை இப்படி: மாதிரி எடு, உடனே மருந்தை ஆரம்பி, முடிவு வந்ததும் தேவையானால் மாற்று. மாதிரி எடுக்காமல் மருந்து கொடுத்தால் பின்னால் உறுதிசெய்வது கஷ்டம், அதனால்தான் மாதிரி முதலில். ஆனால் அதற்காகவும் நேரம் கடத்தக் கூடாது.

கட்டியிலிருந்து மாதிரி எடுப்பதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. ஆரம்பத்தில் பிளேக் கட்டி கல்லுப்போல் இருக்கும், சீழ் இருக்காது, ஊசி வெறுமையாக வரும். கொஞ்சம் உப்புநீரை உள்ளே செலுத்தித் திரும்ப உறிஞ்சுவார்கள். அந்தத் துளியைச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு முனையும் அழுத்தமாகவும் நடு வெளுத்தும், மூடிய சேஃப்டி பின் போலத் தெரியும். எஃப்-1 உறையைக் கண்டுபிடிக்கும் துரித சோதனைப் பட்டை கால் மணி நேரத்தில் சொல்லிவிடும். கட்டியின் திரவத்தில் அது நன்றாக வேலை செய்கிறது, சளியில் அவ்வளவு நம்பகமில்லை.

கருவியும் ஏமாற்றும். அமெரிக்காவின் கொலராடோவில் 2014இல் நோயுற்ற நாயிடமிருந்து அதன் சொந்தக்காரருக்கு நிமோனிக் பிளேக் வந்தது. அவருடைய ரத்தத்தில் வளர்ந்த பாக்டீரியாவைத் தானியங்கிக் கருவி சூடோமோனாஸ் லூட்டியோலா என்று வேறொன்றாகச் சொல்லிவிட்டது. கருவியின் பட்டியலில் பிளேக் அரிது, அதனால் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற இன்னொரு பெயரைக் கொடுத்துவிடும். மொத்தம் நான்கு பேருக்கு நோய், நால்வரும் பிழைத்தார்கள். நோயாளியின் நிலைக்கும் காகிதத்தில் வந்த பெயருக்கும் பொருந்தவில்லை என்றால் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.

நோயாளி பக்கத்துல இருந்தேன், எனக்கு ஒண்ணும் இல்லை. நானும் மாத்திரை சாப்பிடணுமா?

நிமோனிக் நோயாளியோடு மேலே சொன்ன இரண்டு மீட்டருக்குள் நெருங்கிப் பழகியிருந்தால், ஆம். மருத்துவர் சொல்லி, தடுப்புக்காக ஏழு நாள். பெரியவர்களுக்கு வழக்கம் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. சிப்ரோஃப்ளாக்சசினும் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கு வேறு. அந்த ஏழு நாளும் தினமும் காய்ச்சல் பார்க்க வேண்டும். காய்ச்சலோ இருமலோ வந்தால் அது தடுப்பு இல்லை, சிகிச்சை. உடனே மருத்துவமனை.

மௌனக் கட்டத்தில் பாக்டீரியா கொஞ்சமாக இருக்கும்போதே மருந்து போய்ச் சேர்ந்துவிடுவதால்தான் இது இவ்வளவு நன்றாகப் பலிக்கிறது. மடகாஸ்கரில் 2017இல் நோயாளிகளோடு பழகிய 7,300க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் ஏழு நாள் கண்காணிப்பையும் மாத்திரையையும் முடித்தார்கள். அவர்களில் 11 பேருக்கு மட்டும்தான் அறிகுறி வந்தது.

புபோனிக் நோயாளியோடு இருந்தவருக்கு இது பொதுவாகத் தேவையில்லை. ஆனால் இருவரும் ஒரே வீட்டில், அதே தெள்ளுகளுக்கு நடுவில் தூங்கினார்கள் என்றால் அந்தத் தெள்ளுதான் கவலை.

ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுடுச்சு. மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. கணுவுக்குள் மிச்சம் இருக்கும். சிகிச்சை சரியாகப் போனாலும் கட்டி கரைய வாரக் கணக்காகலாம், சில சமயம் சீழ் வைத்துத் திறந்து விடவும் வேண்டியிருக்கும். கட்டி இன்னும் இருக்கிறதே என்று மருந்து பலிக்கவில்லை என முடிவு செய்வதும் தவறு, காய்ச்சல்தான் முதலில் இறங்கும்.

நிமோனிக் நோயாளியைத் தனிமையில் வைப்பதற்கு மட்டும் வேறு கணக்கு. சரியான மருந்து ஆரம்பித்து 48 மணி நேரம் முடிந்து, உடல்நிலையும் தேறியிருந்தால் தனிமையை விலக்கலாம்.

ஆன்டிபயாடிக் இல்லாத காலத்துல நிமோனிக் வந்தவங்க யாராவது பிழைச்சாங்களா?

அரிதிலும் அரிது. 1910–11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் மர்மோட் என்ற விலங்கின் தோலுக்காக வேட்டையாடியவர்களிடமிருந்து நிமோனிக் பிளேக் பரவி, சுமார் 60,000 பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் இறந்தார்கள். பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே, இது தெள்ளால் அல்ல, மூச்சால் பரவுகிறது என்று கண்டுகொண்டு எல்லாருக்கும் பஞ்சும் துணியும் வைத்த முகமூடி அணியச் சொன்னார். அனுபவமுள்ள பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. முகமூடி இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார், சில நாளில் பிளேக்கில் இறந்தார்.

அங்கே எல்லாரும் செத்தாங்க, மடகாஸ்கர்ல 2,417 பேர்ல 209 பேர்தான். வித்தியாசம் முழுக்க மருந்தாலயா?

பெரும் பங்கு மருந்தால், முழுக்க அல்ல. மடகாஸ்கர் எண்ணிக்கையில் ஆய்வகத்தில் உறுதியானவை ஒரு சிறு பகுதிதான். பீதி நிலவும் நகரத்தில் இருமலோடு வந்த எல்லாரையும் சந்தேகத்தில் சேர்ப்பார்கள், அதில் சாதாரண நிமோனியாக்களும் உண்டு. அவை கணக்கில் சேர்ந்தால் இறப்பு விகிதம் தானாகக் குறையும். மஞ்சூரியாவிலோ செத்தவர்களைத்தான் பெரும்பாலும் எண்ணினார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து "9 சதவீதம்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

இதைவிட நேரான ஒப்பீடு, ஒரே நாட்டின் எல்லா வகைப் பிளேக் நோயாளிகளும் மருந்துக்கு முன்னும் பின்னும். அமெரிக்காவில் 1900 முதல் 1941 வரை 66 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆன்டிபயாடிக் வந்த பிறகு, 1990–2010 காலத்தில் அது சுமார் 11 சதவீதமானது. மருந்தில்லாமல் புபோனிக்கில் 30 முதல் 60 சதவீதம் இறப்பார்கள் என்பதையும் நிமோனிக்கில் ஏறக்குறைய எல்லாரும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மருந்துக்கு அடங்காத பிளேக் வந்துட்டா?

வந்திருக்கிறது. 1995இல் மடகாஸ்கரின் அம்பலவாவு பகுதியில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த பாக்டீரியா ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் எல்லாவற்றுக்கும் அடங்கவில்லை. அந்த எதிர்ப்பு மரபணுக்கள் ஒரு பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவக்கூடிய தனித் துண்டில் இருந்தன. அந்தத் துண்டு பிற குடல் பாக்டீரியாவிடமிருந்து வந்திருக்கலாம் என்பதுதான் நிபுணர்களைக் கவலைப்பட வைத்தது. நோயாளி பிழைத்தார், அந்த வகை பரவவும் இல்லை. இன்றுவரை இப்படிப்பட்டவை மிக அரிது. சாவுகளுக்குக் காரணம் எதிர்ப்புத்திறனைவிடத் தாமதம்தான்.

சரி, சீக்கிரமே போய் மருந்து எடுத்தும் சிலர் சாகறாங்களே, ஏன்?

"சீக்கிரம்" என்பதை எங்கிருந்து எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள். நோய் அதற்கு முன்பே இரண்டு நாள் ஓடியிருக்கும், முதல் நாள் வேறு மருந்தில் போயிருக்கும். அந்த வாடகை வண்டியில் இறந்தவருக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

இரண்டாவது, செப்டிசீமிக் வகை. கட்டியும் இல்லை, இருமலும் இல்லை, காய்ச்சலும் வயிற்று வலியும் வாந்தியும் மட்டும் இருக்கும். வயிற்றுக் கோளாறு என்று அனுப்பிவிடுவார்கள். யாரும் பிளேக்கை யோசிக்க ஒரு அடையாளமும் இல்லாமல் ரத்தம் நிறைகிறது. விரல் நுனியும் மூக்கு நுனியும் கருக்க ஆரம்பித்த பிறகு கண்டுபிடித்தால், 24 மணி பற்றிய பதிலில் சொன்ன நச்சுக் கட்டம் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. பிளேக் பகுதியில் இருந்து வந்தவருக்குக் காரணம் தெரியாத கடும் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் இருந்தால், கட்டி இல்லை என்பதை வைத்துப் பிளேக்கை ஒதுக்கக் கூடாது. ரத்தம் எடுத்துவிட்டு, பிளேக்குக்குப் பலிக்கும் மருந்தையும் சேர்த்தே ஆரம்பித்துவிட வேண்டும்.